எல்லாச் சமன்பாட்டுக்கும் ஒரே பக்கம்

ஒன்பதாவது முறையாக லோகேஸ்வரி அந்தத் தாளை அச்சிட்டு எடுத்தபோது, கடைசி இரண்டு வரிகள் மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போய் அங்கே அநாதையாகக் கிடந்தன. ஆசிரியர் அறையில் யாரும் இல்லை என்பதால் பிரிண்டரை ஒரு தட்டுத் தட்டினாள். அதன் மேல் ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். யார் மேலாவது கோபத்தைக் காட்டினால்தான் அடுத்த வேலை ஓடும் போலிருந்தது.

இத்தனைக்கும் வேலை கேட்பதற்குச் சின்னதுதான். மெக்காலிஸ்டர் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் மாலை நேர டிப்ளோமா வகுப்புக்கு அவள் பொறியியல் கணிதம் எடுத்தாள். நாற்பத்தொரு மாணவர்கள். முக்கால்வாசிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் டெக்னீஷியன்கள். பகல் ஷிப்டை முடித்துவிட்டு, நெரிசலில் ஊர்ந்து, ஏழு மணிக்கு வியர்வையோடு வந்து உட்கார்வார்கள். வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அழகாகச் செய்வார்கள். எல்லாவற்றையும் கலந்து தேர்வில் வைத்தால் எந்தச் சமன்பாட்டுக்கு எந்த முறை என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள். போன பருவத்தில் பாதிப் பேர் இப்படித்தான் கவிழ்ந்தார்கள்.

துறைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம். சமன்பாட்டின்ர முகத்தப் பார்த்து எந்த மெத்தட் எண்டு சொல்ல வேணும். அத கேள்வித்தாளோட சேர்த்துக் குத்திக் குடுத்துடுவம். விளங்குதோ?" என்றார். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம்தான் பாக்கி. அதற்குள் தேர்ச்சி விகிதத்தைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பருவம் முழுக்கச் சொன்னதை ஒரு பக்கத்தில் அடக்கு என்றால் யானையைப் பானைக்குள் திணிக்கிற கதைதான். ஆனாலும் லோகேஸ்வரிக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. முதல் வரைவை அவள் அம்புக்குறிகள் போட்டு அழகாக வரைந்தாள். முதல் வரிசைச் சமன்பாடா? x-ஐ ஒரு பக்கமும் y-ஐ ஒரு பக்கமும் பிரிக்க முடிகிறதா? பிரித்து, இரண்டு பக்கமும் தொகையிடு. முடியவில்லையா? y′ + P(x)y = Q(x) என்ற உருவத்துக்கு வருகிறதா? தொகையீட்டுக் காரணியால் பெருக்கு. அதுவும் இல்லையா? M dx + N dy = 0 என்று எழுதி, M-ஐ y-ஆல் வகையிட்டதும் N-ஐ x-ஆல் வகையிட்டதும் ஒன்றுதானா என்று பார். இப்படி மேலிருந்து கீழே கேள்வி கேட்டுக்கொண்டே வந்தால் ஏதாவது ஒரு வாசல் திறக்கும்.

அந்த அழகு மூன்று நாள்தான் இருந்தது. தலைவர் வந்து அம்புக்குறி வேண்டாம், அட்டவணையாகப் போடுங்கோ என்றார். போட்டாள். பெர்னூலி முறை எங்கே என்றார். சேர்த்தாள். லப்லாஸ் இல்லாமல் ஒரு வழிகாட்டியா என்றார். அதையும் சேர்த்தாள். அதற்குப் பிறகு ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவின் நூர் ஃபாத்திஹா வந்தாள். கல்லூரிச் சின்னம், ஆவண எண், பதிப்பு எண், ஒப்புதல் கையெழுத்துக் கட்டம் எல்லாம் பக்கத்தின் மேலே கால்வாசியைத் தின்றன. எழுத்தின் அளவைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, "தக் போலே லா, புவான் லோகேஸ்," என்று தலையாட்டிவிட்டாள். முடியாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. தாள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஒவ்வொரு பதிப்பிலும் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மாற்றப் படிவம் நிரப்ப வேண்டும். காரணம் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது படிவத்துக்குப் பிறகு லோகேஸ்வரி எதை வெட்டினோம் என்று பார்ப்பதைவிட எத்தனை வரி மிச்சமானது என்றுதான் பார்த்தாள். பத்தாவது பதிப்பு ஒரே பக்கத்தில் அடங்கியபோது கோயிலில் அர்ச்சனை முடித்த நிம்மதி வந்தது.

*

திருப்புதல் வகுப்பில் தாளைக் கொடுத்த அடுத்த நிமிடமே பிச்சைமுத்துவின் கை மேலே போனது.

பிச்சைமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. பாயான் பாருவில் வீடு. இருபத்திரண்டு வருடமாக ஒரே சர்க்யூட் போர்டு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வகுப்பிலேயே மூத்தவர் அவர்தான், லோகேஸ்வரியைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். மற்ற எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டார். இந்தக் கணிதத்தில் மட்டும் இரண்டு முறை விழுந்திருந்தார். இது மூன்றாவது. மூன்றாவதிலும் விழுந்தால் கல்லூரி விதிப்படி பெயரை எடுத்துவிடுவார்கள். நான்கு வருடத்து மாலைப் பொழுதெல்லாம் வீண்.

"மிஸ், dy/dx = xy. இது பிரிக்கவும் வருது, லீனியராவும் வருது. ரெண்டு பெட்டியிலயும் பொருந்துது. எதுல போறது?"

"எது மேல இருக்கோ அதுல போங்கண்ணே. மேலேர்ந்து கீழ வாங்க. முதல்ல பொருந்துறதுதான் ஈசி."

"அப்ப ஆர்டர் முக்கியம்."

"ஆமா, ஆர்டர் முக்கியம்."

அதை எழுதிக்கொண்டார். மறுபடியும் கை போனது. "y″ − y = eˣ. வலது பக்கம் எக்ஸ்பொனென்ஷியல், அதனால Aeˣ-னு வச்சுப் பார்க்கச் சொல்லுது. வச்சா இடது பக்கம் சைபர் ஆயிடுதே மிஸ்?"

"அது ஏற்கெனவே வலது பக்கம் சைபரா இருக்கிற சமன்பாட்டோட தீர்வுல இருக்குண்ணே. அதான் கீழ ஒரு வரி போட்டிருக்கேனே, யூகம் அங்க ஏற்கெனவே இருந்தா x-ஆல பெருக்குன்னு. Axeˣ-னு வைங்க. A அரை வரும்."

வைத்துப் பார்த்தார். அரை வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து லோகேஸ்வரிக்கும் ஒரு கணம் சந்தோஷம். அந்தக் கணம் முடிவதற்குள் கை மறுபடியும் மேலே. பதினேழு கேள்வி. எண்ணிக்கொண்டே வந்தாள். பின் வரிசையில் சிலர் கொட்டாவி விட்டார்கள். மூன்று பையன்கள் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ், கடைசியா ஒண்ணு. ஃபேக்டரில எங்களுக்கு வர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கும். அதுல இல்லாத ஸ்டெப்ப செஞ்சா வார்னிங் லெட்டர். நல்லதுக்குச் செஞ்சாலும் லெட்டர்தான். இந்தத் தாளும் அப்படித்தானா? இதுல இல்லாதத நாங்களா செய்யலாமா, கூடாதா?"

மணி ஒன்பதே கால். பாலில்லாத குளிர்ந்த தேநீர், ஒரு தே ஓ ஐஸ், கையில் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. "அண்ணே, எத்தன பேர் மண்டைய உடைச்சுப் போட்ட தாளு தெரியுமா இது? இதுல உள்ளத உள்ளபடி செய்ங்க. சொந்தமா எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. போதுமா லா?"

"போதும் மிஸ்," என்றார். அந்த வாக்கியத்தையும் எழுதிக்கொண்டார்.

*

தேர்வு ஒரு சனிக்கிழமை மதியம். கண்காணிப்புக்கும் லோகேஸ்வரியையே போட்டிருந்தார்கள். குளிரூட்டி ஒரு பக்கம் உறையவைத்தது, மறுபக்கம் வேலையே செய்யவில்லை. இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை கழிப்பறைக்கு ஆள் அனுப்பி, இரண்டு கால்குலேட்டருக்கு பேட்டரி தேடி, அவள் களைத்திருந்தபோது பிச்சைமுத்துவின் கை எழுந்தது.

பக்கத்தில் போனாள். அவர் ஒரு விரலை வழிகாட்டியின் மேல் வைத்திருந்தார். "மிஸ், இந்தத் தாள்ல ஒரு—"

"எக்ஸாம்ல டவுட் கேக்கக்கூடாதுண்ணே, தெரியும்ல?"

"டவுட் இல்ல மிஸ். இதுல—"

"தாள்ல என்ன போட்டிருக்கோ அதச் செய்ங்க. நேரம் போகுது பாருங்க." குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. நாலைந்து தலைகள் திரும்பின. பிச்சைமுத்து கையைக் கீழே போட்டார். அச்சுப் பிழை என்று யாராவது சொன்னால் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது கண்காணிப்பாளர் விதி. அது அவளுக்குத் தெரியாதது இல்லை. இந்த மனிதர் பிழை சொல்வார் என்றுதான் அவளுக்குத் தோன்றவில்லை.

*

திங்கட்கிழமை காலை ஆயர் ஈத்தாமில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திருத்த உட்கார்ந்தாள். முதல் மூன்று கேள்விகளைப் பார்த்ததும் மனசு குளிர்ந்தது. எந்தச் சமன்பாட்டுக்கு எந்த முறை என்பதில் யாரும் தடுமாறவில்லை. ஒரு பக்கத் தாள் வேலை செய்திருக்கிறது! தலைவருக்கு ஒரு வாட்ஸ்ஆப் தட்டலாமா என்றுகூட நினைத்தாள்.

நான்காவது கேள்விக்கு வந்தாள். 2y″ + 8y = 8 sec 2x. பதினெட்டு மதிப்பெண். வலது பக்கம் sec இருப்பதால் யூகித்து வைக்கும் முறை செல்லாது, மாறிலிகளை மாறிகளாக்கும் முறைதான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிறார்களா என்பது ஒரு சோதனை. y″-க்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு 2-ஐ வைத்திருந்தாள். முதலில் அந்த 2-ஆல் முழுச் சமன்பாட்டையும் வகுத்து, வலது பக்கத்தை 4 sec 2x ஆக்கிக்கொண்ட பிறகுதான் சூத்திரத்தில் போட வேண்டும். அது இன்னொரு சோதனை. பருவத்தின் தொடக்கத்தில், வழிகாட்டி என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதிய கேள்வி அது.

முதல் தாளில் ஆள் வகுக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. ஆறாவது தாளில் லோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தன தடவ சொன்னேன்! எத்தன தடவ!" என்று தனியாகக் கத்தினாள். cos 2x-க்கும் sin 2x-க்கும் முன்னால் வர வேண்டியதெல்லாம் சரியாக இரண்டு மடங்காக வந்திருந்தது. அதில் ஒரு கொடுமை என்னவென்றால், வலது பக்கத்தைச் சைபராக வைத்து எடுக்கும் முதல் பாதித் தீர்வு, வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் ஒன்றேதான். அதனால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. நிம்மதியாகத் தப்புப் போட்டிருந்தார்கள். முப்பத்தொரு பேர் ஒரே தப்பு. சரியாகப் போட்டவர்கள் ஐந்து பேர்தான். அதில் மூன்று பேர், வகுப்பில் அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்த அதே பையன்கள். மீதி ஐந்து பேர் கேள்வியைத் தொடவே இல்லை.

பிச்சைமுத்துவின் தாள் கடைசியிலிருந்து நான்காவது. நான்காவது கேள்விக்கு அவர் எழுதியிருந்த முதல் வரியைப் பார்த்து அவள் பேனாவைக் கீழே வைத்தாள். y″ + 4y = 4 sec 2x. சரியாக வகுத்து எழுதியிருந்தார். அந்த வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம், தேதி, நேரம் 3.10. தொழிற்சாலைப் பதிவேட்டில் அப்படித்தான் அடிக்க வேண்டும், கிறுக்கக் கூடாது என்று அவர் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'வழிகாட்டியில் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே வகுக்காமல் முழுக் கணக்கையும் சுத்தமாகச் செய்து, சுத்தமாகத் தப்பான விடையை எடுத்திருந்தார்.

மதிப்பெண் திட்டப்படி முறைக்கு ஏழு கொடுக்கலாம். கொடுத்தாள். மொத்தம் கூட்டினாள். நாற்பத்தைந்து. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும்.

லோகேஸ்வரி வழிகாட்டியை எடுத்து வைத்துப் பார்த்தாள். அட்டவணைத் தலைப்பில் ay″ + by′ + cy = f(x) என்று இருந்தது. யூகித்து வைக்கும் முறையும், மாறிலிகளை மாறிகளாக்கும் முறையும் இரண்டும் அந்த ஒரே தலைப்பின் கீழ். முதலாவதற்கு அது சரிதான், யூகத்தை மூலச் சமன்பாட்டிலேயே போட்டுப் பார்ப்பதால் வகுக்கத் தேவையே இல்லை. இரண்டாவதற்கு u₁′ = −y₂f/W, u₂′ = y₁f/W என்று சூத்திரம் இருந்தது. அந்த f, a-ஆல் வகுத்த f என்று சொல்லும் வரி எங்கே? அவள் எழுதினாளே! முதல் வரைவில் எழுதியது நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அந்த வரி இல்லை. தாளை நம்பிய முப்பத்தொரு பேரும் தாள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்.

மாணவர்கள் மேல் இருந்த கோபம் முழுவதும் திசை மாறியது. சின்னம், ஆவண எண், கையெழுத்துக் கட்டம்! இடமில்லை என்று எவரோ கணக்குத் தெரியாத கையால் வெட்டியிருக்கிறார்கள். விடைத்தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. வழி நெடுக நூர் ஃபாத்திஹாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சொல்லிப் பார்த்தது ஒன்றும் பயன்படவில்லை. நூர் ஃபாத்திஹா கோபப்படாமல் கேட்டுவிட்டு, பச்சைக் கோப்பு ஒன்றை எடுத்து, ஏழாவது பதிப்பின் மாற்றப் படிவத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். நீக்கிய வரி: y″-இன் கெழு 1 ஆகும்படி முதலில் வகுத்துக்கொள்ளவும். நீக்கக் காரணம்: தேவையில்லை, மாணவர்களுக்குத் தெரிந்ததே. கீழே லோகேஸ்வரியின் கையெழுத்து. கையெழுத்தின் வால்கூடச் சந்தோஷமாகச் சுழன்றிருந்தது.

"நான் ஒரு வரியும் வெட்டல புவான்," என்றாள் நூர் ஃபாத்திஹா மலாயில், மெதுவாக. "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதனால நான் தொடவே மாட்டேன்."

லோகேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வாரமாக யார் யாரைத் திட்டியிருக்கிறாள் என்று ஒரு கணக்குப் போட்டால், பிரிண்டரில் தொடங்கி இந்தப் பெண் வரைக்கும் பட்டியல் நீளும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

*

ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். "வகுப்பில வகுக்கச் சொல்லிக் குடுத்தனீங்கள்தானே?"

"சொன்னேன் சார். பத்துத் தடவ சொன்னேன்."

"பிறகென்ன? வழிகாட்டி பாடப்புத்தகம் இல்லையே. பிழை விட்டவைக்கு மார்க் குறையும். அவ்வளவுதான்."

"நம்ம தாளே பிழை சார். தலைப்புல a போட்டுட்டு, சூத்திரத்துல வெறும் f போட்டிருக்கோம். அதப் பார்த்துச் செஞ்சா தப்பான விடைதான் வரும். சொன்னபடி செஞ்சவங்க ஃபெயில், தாளைப் பார்க்காதவங்க ஃபுல் மார்க். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இஞ்ச பாருங்கோ பிள்ளை. இத வெளியில விட்டா வெளித் தேர்வாளருக்கு எழுத வேணும், எல்லாத் தாளும் திருப்பித் திருத்த வேணும். படிவத்தில உங்கட கையெழுத்து. உங்கட ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்க வருது. இதால உண்மையில விழுறது எத்தினை பேர்?"

"ஒருத்தர்தான். பிச்சைமுத்து."

"அப்ப என்ன பிரச்சினை? அந்த மனுசனுக்கு மட்டும் மற்றக் கேள்வியளில ஒரு அஞ்சு மார்க் கூட்டி விடுங்கோ. நானும் கையெழுத்துப் போடுறன். அவரும் பாஸ், நீங்களும் தப்பியாச்சு, நானும் நிம்மதி."

லோகேஸ்வரிக்கு வாய்விட்டு ஆமாம் சொல்லிவிடலாம் போல இருந்தது. உண்மையைச் சொன்னால், அறைக்குள் வரும்போதே அவள் மனசில் அந்த ஐந்து மதிப்பெண் ஓர் ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் டிப்ளோமாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் எந்த நினைப்போடு போவார்? மூன்று முறை எழுதியும் கணக்கு வராத மண்டை, யாரோ பாவம் பார்த்துத் தள்ளிவிட்டார்கள் என்ற நினைப்போடு. அடிக்கப்பட்ட அந்த ஒரு வரி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. வகுப்பில் இருந்த டெக்னீஷியன்களில் வழிகாட்டியின் ஓட்டையைத் தேர்வு நடக்கும்போதே கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். கையைத் தூக்கிச் சொல்லவும் செய்தார். வாயை அடைத்தது யார்?

"முடியாது சார்," என்றாள்.

"என்ன முடியாது?"

"அஞ்சு மார்க் போட முடியாது. அவர் பிச்சை கேக்கல. அவருக்கு வர வேண்டியது வரணும். மத்த முப்பது பேருக்கும் வரணும்." குரலில் எரிச்சல் இருந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

நூர் ஃபாத்திஹாவிடம் போய் ஒரு புதிய மாற்றப் படிவம் கேட்டாள். நின்றுகொண்டே எழுதினாள். குறை: வழிகாட்டியின் ஒரு சூத்திரம், y″-இன் கெழு ஒன்றாக இல்லாதபோது தவறான விடை தரும். காரணம்: ஏழாவது பதிப்பில் நான் நீக்கிய வரி. குறையை முதலில் சுட்டியவர் என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லோரும் அதில் தங்கள் பெயரையே போட்டுக்கொள்வது வழக்கம். 'பிச்சைமுத்து, மாணவர். தேர்வு நாளன்று 3.10 மணி அளவில் சொல்ல முயன்றார். கண்காணிப்பாளராக இருந்த நான் கேட்க மறுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நூர் ஃபாத்திஹா அதைப் படித்துவிட்டு இரண்டு முறை அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்படியேவா போகணும் புவான்?"

"இப்படியேதான்."

தேர்வுக் குழு பத்து நாள் இழுத்தடித்தது. மூன்று கூட்டம். மூன்றிலும் அதே கதையை லோகேஸ்வரி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, sec என்றால் என்ன என்று கேட்ட ஒருவருக்கு அதையும் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் வெளித் தேர்வாளரே எழுதிவிட்டார்: அச்சிட்ட வழிகாட்டியைப் பிழையின்றிப் பின்பற்றியவர்களுக்கு நான்காவது கேள்வியின் முழு மதிப்பெண்ணும் தரப்பட வேண்டும். முப்பத்தொரு தாளையும் லோகேஸ்வரி மறுபடி திருத்தினாள். அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் பதிலாக ஒரு வருடத்துக்கு மட்டும் புதுப்பித்தார்கள். கடிதத்தைக் கொடுக்கும்போது ஸ்ரீஸ்கந்தராஜா அவளை நேராகப் பார்க்கவில்லை. "நல்ல கேள்விதான் அந்த நாலாவது," என்று மட்டும் முணுமுணுத்தார்.

பிச்சைமுத்துவுக்கு ஏழு போய்ப் பதினெட்டு. மொத்தம் ஐம்பத்தாறு.

முடிவு இணையத்தில் வருவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று மதியம் அவரை அழைத்தாள். நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. ஐந்தாவது முறை எடுத்தார். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.

"சாரி மிஸ், உள்ள ஃபோன் எடுக்க விடமாட்டாங்க. வெளிய வந்துட்டேன். சொல்லுங்க."

"அண்ணே, ரிசல்ட் வந்திருக்கு. அதுக்கு முன்னால ஒரு விஷயம். நீங்க அன்னைக்கு விரல் வச்சுக் காட்டின அந்த வழிகாட்டி..."

"இருங்க மிஸ்." அவர் இடைமறித்தார். முதல் தடவையாக அவர் குரலிலும் எரிச்சல் தெரிந்தது. "பாஸா ஃபெயிலாங்கறத அப்புறம் சொல்லுங்க. மூணு வாரமா தூக்கம் இல்ல எனக்கு. நாலாவது கேள்வி. நான் மொதல்ல வகுத்துப் போட்டு அப்புறம் அடிச்சேனே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அது சரியா மிஸ்? அடிக்கறதுக்கு முன்னால போட்டது?"

லோகேஸ்வரி அவருடைய விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரிண்ணே. நீங்க போட்டதுதான் சரி. நான் கொடுத்த தாளுதான் தப்பு."

மறுமுனையில் பக்கத்தில் இருந்த யாரிடமோ அவர் மலாயில் உரக்கச் சொல்வது காதில் விழுந்தது. நான் சொன்னேன்ல, வகுக்கணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல என்றார். ஃபோனைக் கையில் பிடித்திருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. பாஸ் ஆன செய்தியைச் சொல்ல லோகேஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள்.